“பார்சல் எப்போ வரும்?” என்ற மெசேஜ் குறைய, பாலிசியை எப்படி எழுதுவது?

கேள்வி: சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக விற்கிறேன். பணத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் கூரியரிலும், வெளியே ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புகிறேன். “3 முதல் 7 வேலை நாட்களில் டெலிவரி. நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்” என்று பெரிதாகப் போட்டிருக்கிறேன். ஆனாலும் “எப்போ வரும்?”, “இன்னும் அனுப்பலையா?”, “கலர் வேற மாதிரி இருக்கே, திருப்பி எடுப்பீங்களா?” என்று நாள் முழுக்க மெசேஜ். பாலிசியை எப்படி எழுதினால் இது நிற்கும் சார்?
— ஒரு வாசகி

பதில்:

வணக்கம் சகோதரி. நீங்கள் போட்டிருக்கும் வரியைப் பணம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஒருவராக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குப் பணம் போட்டிருக்கிறார், கோயம்புத்தூரில் இருக்கிறார். “3 முதல் 7 வேலை நாள்” என்றால் அவருக்கு எந்தக் கிழமை? எண்ணுவது பணம் போட்ட நாளிலிருந்தா, நீங்கள் அனுப்பிய நாளிலிருந்தா? சனிக்கிழமை வேலை நாளா? மூன்றாம் நாள் வராவிட்டால் கேட்கலாமா, ஏழாம் நாள் வரை பொறுக்க வேண்டுமா? இதில் ஒன்றுக்குக்கூட உங்கள் வரியில் விடை கிடையாது. கணக்குப் போடும் வேலையை வாடிக்கையாளரிடம் விட்டுவிட்டீர்கள். அதைப் போடத் தெரியாமல்தான் அவர் உங்களுக்கு மெசேஜ் அனுப்புகிறார். அதனால் பாலிசியில் நாட்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கிழமையைச் சொல்லுங்கள்.

கிழமையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் நீங்கள் அனுப்பும் நாட்கள் நிலையாக இருக்க வேண்டும். நேரம் கிடைக்கும்போதெல்லாம் கூரியர் கடைக்குப் போகிறவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்தப் பாலிசி நிற்காது. வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம்: திங்கள், புதன், வெள்ளி மாலை. அந்த நாளில் பகல் 12 மணிக்குள் வந்த பணத்துக்கான பார்சல் அன்றைக்கே கிளம்பும், பிறகு வந்தது அடுத்த முறைதான். 12 மணி என்று சொல்லக் காரணம், பணம் வந்ததைச் சரிபார்த்து, சேலையை விரித்து ஒரு பார்வை பார்த்து, மடித்து, கவரில் போட்டு, முகவரி ஒட்டி, கூரியர் கடை மாலைப் பைகளைக் கட்டுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க உங்களுக்கு அரை நாளாவது வேண்டும்.

அடுத்து, பார்சல் போய்ச் சேர எத்தனை நாள் என்பது. இதைக் கூரியர் கடைக்காரர் சொல்வதை வைத்து எழுதாதீர்கள். உங்களிடமே ரசீதுகள் இருக்கின்றன. கடைசியாகத் தமிழ்நாட்டுக்குள் போன நாற்பது பார்சல்களை எடுத்து, புக் செய்த தேதியையும் டெலிவரி ஆன தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சராசரியைப் பார்க்க வேண்டாம். சராசரியைப் பாலிசியில் போட்டால் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நீங்கள் சொன்ன நாள் தாண்டிவிடும், அந்தப் பாதிப் பேரும் கேட்பார்கள். நாற்பதில் முப்பத்தாறு பார்சலாவது எந்த நாளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். அந்த நாளை எழுதுங்கள். மூன்றாம் நாள் என்று வந்தால், ஞாயிறைக் கழித்துவிட்டு இப்படி ஆகும்: திங்கள் கிளம்பியது வியாழனுக்குள், புதன் கிளம்பியது சனிக்குள், வெள்ளி கிளம்பியது செவ்வாய்க்குள். வியாழன் மாலை பணம் போட்ட கோயம்புத்தூர்க்காரருக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. வெள்ளி கிளம்பும், செவ்வாய்க்குள் வரும்.

“3 முதல் 7” மாதிரி இரண்டு எண் கொடுப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன். வாசிப்பவர் மனத்தில் சின்ன எண்தான் தங்கும். எழுதியவர் பெரிய எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பார். நடுவில் இருக்கும் நான்கு நாளும் மெசேஜ் வந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு கடைசி நாளைச் சொல்லுங்கள். முன்னால் வந்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

இன்னொரு வரி பெரும்பாலான பாலிசிகளில் இருப்பதில்லை: எப்போது கேட்கலாம் என்பது. “தயவுசெய்து அடிக்கடி மெசேஜ் செய்யாதீர்கள்” என்று எழுதினால் கோபம்தான் வரும், மெசேஜ் குறையாது. “செவ்வாய் இரவு வரை வராவிட்டால் புதன் காலை எங்களுக்கு எழுதுங்கள், அன்றே கூரியரில் விசாரித்து மாலைக்குள் பதில் சொல்கிறோம்” என்று எழுதிப் பாருங்கள். பணம் போட்டவருக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கும்: ஏமாந்துவிட்டோமோ என்று. கேட்க ஒரு நாள் குறித்துக் கொடுத்து, கேட்டால் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிட்டால், அந்த நாள் வரை பெரும்பாலானோர் பொறுத்திருப்பார்கள்.

டிராக்கிங் பற்றியும் இரண்டு வரி வேண்டும். நம்பர் அனுப்பியவுடன் வாடிக்கையாளர் அதைப் போட்டுப் பார்ப்பார், ஒன்றும் வராது. உடனே “நம்பர் தப்பா இருக்கு” என்று மெசேஜ். புக்கிங் விவரம் இணையத்தில் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஸ்பீடு போஸ்டில் `Item Bagged`, `Item Dispatched` என்று காட்டிவிட்டு ஒன்றிரண்டு நாள் அப்படியே நிற்கும். பை கட்டி வண்டியில் ஏற்றியாகிவிட்டது, அடுத்த அலுவலகத்தில் பையைப் பிரித்து ஸ்கேன் செய்யும்வரை புதிதாகக் காட்ட எதுவும் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். பார்சல் தொலைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் நினைப்பது இந்த இடைவெளியில்தான். இதையும் எழுதிவிட்டால் அந்தப் பயத்தில் வரும் மெசேஜ் பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி “நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்”. இதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சட்டப்படியும் அது நிற்காது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. அதற்கான கால வரம்பைப் பில்லிலோ ரசீதிலோ விற்பவர் குறிப்பிடலாம். குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. பில், ரசீது என்ற சொற்களைக் கவனியுங்கள். இன்ஸ்டாகிராம் போஸ்டில் மட்டும் எழுதினால் போதாது. பார்சலுக்குள் வைக்கும் பில்லிலும் அந்த வரி இருக்க வேண்டும். பில் வைக்கும் பழக்கம் இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். இணைய வணிகத்துக்கென்று 2020-இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி போகின்றன: விளம்பரத்தில் காட்டியபடி இல்லாத பொருளையும், சொன்ன நாளைத் தாண்டி வந்த பொருளையும் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது, தாமதத்துக்கு இயற்கைச் சீற்றம் போன்ற காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. அந்த வரி நேரடியாகச் சொல்வது பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர்களுக்கு என்றாலும், நீங்களும் அதையே அளவாக வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் எழுதும் டெலிவரி நாள் ஒரு வாக்குறுதி. அதனால்தான் ரசீதுகளைப் பார்த்து எழுதச் சொன்னேன்.

பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று இவை சொல்லவில்லை. அது உங்கள் முடிவு. ஆனால் முடிவு எதுவானாலும் எழுதியிருக்க வேண்டும். பணம் திருப்பித் தர மனமில்லையென்றால் ஒருமுறை மாற்றித் தருகிறேன் என்றாவது வையுங்கள். சேலையைத் தொட்டுப் பார்க்காமல் பணம் போடுகிறவருக்கு அந்த ஒரு வரி தைரியம் கொடுக்கும்.

சுங்குடிக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். உங்கள் சண்டைகளில் பாதி, எது குறை, எது துணியின் இயல்பு என்று முன்கூட்டிச் சொல்லாததால் வருவதாக இருக்கும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சேலையில் புள்ளிகள் அச்சடித்த மாதிரி ஒரே அளவில் வராது. ஒரு புள்ளி சிறிதாகவும் பக்கத்துப் புள்ளி சற்றே கலங்கியும் இருக்கும். அழுத்தமான நிறம் முதல் சில துவைப்பில் சாயம் விடும். இவற்றை வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள், புள்ளிகளைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படத்தோடு. ஓட்டை, நூல் இழுப்பு, கறை, அளவு குறைவு, கேட்ட நிறத்துக்குப் பதில் வேறு நிறம் ஆகியவை குறை. அதற்கு நீங்கள் பொறுப்பு.

“கலர் வேற மாதிரி இருக்கே” என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மொபைல் திரைக்குத் திரை நிறம் கொஞ்சம் மாறும், உண்மைதான். ஆனால் படத்தில் ஃபில்டர் போட்டு மாம்பழ மஞ்சளை எலுமிச்சை மஞ்சளாகக் காட்டியிருந்தால் அது வாடிக்கையாளரின் திரைக் கோளாறு ஆகாது, காட்டியபடி பொருள் இல்லை என்றே ஆகும். ஒவ்வொரு சேலையையும் காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வைத்து, ஃபில்டர் இல்லாமல் ஒரு படமாவது போடுங்கள். பாலிசியில் “இரண்டாவது படம் பகல் வெளிச்சத்தில் எடுத்தது, நிறத்துக்கு அதையே பாருங்கள்” என்று எழுதுங்கள். பிறகு நிறம் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு பேரும் ஒரே படத்தை வைத்துப் பேசலாம்.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தால்தான் புகாரை ஏற்போம் என்று பலர் எழுதுகிறார்கள். அதை நிபந்தனையாக வைக்காதீர்கள் என்பது என் ஆலோசனை. தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டேப்பை எப்படிக் கிழிப்பார்? ஓட்டையுள்ள சேலையை வீடியோ இல்லை என்பதற்காகத் திருப்பி எடுக்க மறுத்தால் சட்டத்தின் முன்னும் உங்கள் வாதம் பலவீனமாக இருக்கும். “வீடியோ இருந்தால் உடனே முடித்துவிடலாம், இல்லையென்றால் குறை தெரியும் படமும், கவர் மேலுள்ள முகவரிச் சீட்டின் படமும் போதும்” என்று வையுங்கள். உங்கள் பக்கம் பாதுகாப்பு வேண்டுமென்றால் பேக் செய்யும்போது நீங்களே சேலையை முழுசாக விரித்து ஒரு சின்ன வீடியோ எடுத்து ஒரு மாதம் வைத்திருங்கள். அதில் குறை உங்கள் கண்ணிலேயே பட்டுவிடும், பார்சல் போவதற்கு முன்பே.

பணம் திரும்புவதில் கேள்வி கிளம்புவது ஒரே இடத்தில்தான்: “ரீஃபண்ட் 5 நாளில்” என்றால் எதிலிருந்து 5 நாள்? சேலை உங்கள் கைக்கு வந்த மறுநாள் என்று எழுதுங்கள். ஜிபேயில் நீங்களே அனுப்பப் போகிற பணத்துக்கு 5 நாள் எதற்கு? எவ்வளவு பணம் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் தவறு என்றால் அவர் கட்டிய கூரியர் கட்டணமும் சேர்ந்து திரும்ப வேண்டும், திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. அனுப்பிய பிறகு அந்தப் பரிமாற்றத்தின் யுடிஆர் எண்ணை அனுப்பிவிட்டால் “பணம் வரலையே” என்று வருகிற மெசேஜுக்கு வேலை இருக்காது. அவர் வங்கியிலேயே அந்த எண்ணைச் சொல்லித் தேடிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் சேர்த்து உங்களுக்காக எழுதிப் பார்த்தேன். எண்களும் கட்டணமும் உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

> என் சேலை எப்போது கிளம்பும்? எப்போது வரும்?
> திங்கள், புதன், வெள்ளி மாலை பார்சல் அனுப்புகிறோம். அன்று பகல் 12 மணிக்குள் பணம் வந்தால் அன்றே கிளம்பும். பிறகு வந்தால் அடுத்த அனுப்பும் நாளில் கிளம்பும்.
> தமிழ்நாட்டுக்குள்: திங்கள் கிளம்பினால் வியாழனுக்குள், புதன் கிளம்பினால் சனிக்குள், வெள்ளி கிளம்பினால் செவ்வாய்க்குள் வரும்.
> வெளிமாநிலம்: ஸ்பீடு போஸ்டில், கிளம்பிய அடுத்த வாரம் அதே கிழமைக்குள் வரும். நடுவில் அரசு விடுமுறை வந்தால் ஒரு நாள் கூடும்.
>
> டிராக்கிங் நம்பர்?
> கிளம்பும் அன்று இரவு 9 மணிக்குள் வாட்ஸ்அப்பில் வரும். மறுநாள் காலைக்குப் பிறகு பாருங்கள், அதுவரை எதுவும் காட்டாமல் இருக்கலாம். வழியில் ஒன்றிரண்டு நாள் ஒரே இடத்தைக் காட்டினால் பார்சல் வண்டியில் இருக்கிறது.
>
> சொன்ன நாளில் வரவில்லையா?
> மறுநாள் காலை உங்கள் பெயரையும் டிராக்கிங் நம்பரையும் அனுப்புங்கள். அன்றே விசாரித்து மாலை 6 மணிக்குள் பதில் சொல்வோம். மேலும் 7 நாளில் பார்சல் வராவிட்டால் வேறு சேலையோ முழுப் பணமோ தருவோம், எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.
>
> சேலையில் குறை இருந்தால்?
> ஓட்டை, நூல் இழுப்பு, கறை, அளவு குறைவு, நிறம் மாறி வந்தது: பார்சல் கிடைத்த 7 நாளுக்குள் குறையின் படமும் கவர் மேலுள்ள முகவரிச் சீட்டின் படமும் அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் செலவு எங்களுடையது. வேறு சேலை, அல்லது கூரியர் கட்டணத்தோடு முழுப் பணம். சேலை எங்கள் கைக்கு வந்த மறுநாள், நீங்கள் பணம் அனுப்பிய அதே எண்ணுக்கு.
>
> பிடிக்கவில்லை என்றால்?
> 3 நாளுக்குள் சொன்னால் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இரு பக்கக் கூரியர் கட்டணமும் உங்களுடையது. துவைத்தது, ஃபால்ஸ் தைத்தது, பிளவுஸ் துணி வெட்டியது மாற்ற இயலாது.
>
> இவை குறை அல்ல: கைமுடிச்சுப் புள்ளிகளின் சிறு வேறுபாடு, அழுத்தமான நிறங்கள் முதல் சில துவைப்பில் சாயம் விடுவது. தனியாக, குளிர்ந்த நீரில் துவையுங்கள்.
>
> முகவரி தவறாக இருந்தாலோ போன் எடுக்காததாலோ பார்சல் திரும்பி வந்தால் மறுபடி அனுப்பும் கட்டணம் உங்களுடையது.

இதில் ஒரு வரியை மட்டும் விளக்க வேண்டும். பார்சல் தொலைந்தால் பணம் தருகிறேன் என்று எழுதியிருப்பது உங்களுக்கு உறுத்தலாம். கூரியர் ஈடு தருமா, எப்போது தரும் என்பது உங்களுக்கும் கூரியருக்கும் இடையே உள்ள விஷயம். உங்களிடம் பணம் கொடுத்தவர் அதற்காகக் காத்திருக்க முடியாது. விலை கூடிய சேலைக்கு இது பெரிய தொகை என்றால், அந்தப் பார்சலை மட்டும் காப்பீட்டோடு அனுப்பி அந்தச் செலவை விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் உங்களிடம் சேலை வாங்கியிராத ஒருவரிடம் கொடுங்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணாகவோ உறவினராகவோ இருக்கட்டும். “சனிக்கிழமை ராத்திரி பணம் போட்டேன், திருநெல்வேலி. எப்போது வரும்?” என்று கேளுங்கள். போஸ்டைப் பார்த்துவிட்டு “வியாழனுக்குள்” என்று சொன்னால் எழுத்து சரி. யோசித்தால், விரல் விட்டு எண்ணினால், அந்த வரியைத் திருத்துங்கள். “சேலையில் கறை இருக்கு, கூரியர் காசு யார் தருவார்?” என்றும் கேளுங்கள்.

போஸ்ட் நன்றாக இருந்தாலும் எல்லோரும் போய் வாசிக்க மாட்டார்கள். அதைப் பக்கத்தின் மேலே பின் செய்து வையுங்கள். அதைவிட முக்கியமானது, பணம் வந்தவுடன் நீங்கள் அனுப்பும் மெசேஜ். “பணம் கிடைத்தது, நன்றி” என்று நிறுத்தாமல், “பணம் கிடைத்தது. உங்கள் சேலை வெள்ளி மாலை கிளம்பும், செவ்வாய்க்குள் வந்துவிடும். வராவிட்டால் புதன் காலை எழுதுங்கள்” என்று அனுப்புங்கள். மூன்று அனுப்பும் நாளுக்கு மூன்று மெசேஜ்தான். வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதிலாக `/mon`, `/wed`, `/fri` என்று சேமித்து வைத்தால் பதில் எழுதும் இடத்தில் அதைத் தட்டினாலே முழு மெசேஜும் வந்துவிடும். போஸ்டைத் தேடிப் போகாதவர்களுக்கும் இந்த மெசேஜ் கையில் இருக்கும், பதற்றம் வரும்போது அவர்கள் முதலில் திறப்பது உங்களோடு பேசிய அந்த இடத்தைத்தான்.

இரண்டு வாரம் கழித்து வந்த மெசேஜ்களை மறுபடி பாருங்கள். போஸ்டில் விடை இருந்தும் பலர் கேட்கிற கேள்வி இருந்தால் அந்த வரி புரியவில்லை, அல்லது கண்ணில் படவில்லை. போஸ்டில் இல்லாத ஒரு கேள்வியை மூன்று பேருக்கு மேல் கேட்டிருந்தால் அதைச் சேருங்கள். ஒருவர் மட்டும் கேட்டதைச் சேர்க்காதீர்கள், போஸ்ட் நீண்டுவிட்டால் யாரும் வாசிக்க மாட்டார்கள். சொன்ன நாள் தாண்டிய பிறகு வருகிற மெசேஜ்கள் நிற்காது, நிற்கவும் கூடாது. அவை அதிகமானால் குறை எழுத்தில் இல்லை, உங்கள் ரசீதுக் கணக்கில் அல்லது கூரியரில் இருக்கிறது. நாற்பது பார்சல் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும், பொங்கல் வாரமும், வடகிழக்குப் பருவமழை பலமாக அடிக்கும் நாட்களும் இந்தக் கிழமைக் கணக்கில் அடங்காது. அப்போது பழைய போஸ்டின் மேல் “அக்டோபர் 5 முதல் தீபாவளி வரை இரண்டு நாள் கூடுதலாகும், தீபாவளிக்குள் கிடைக்க இந்தத் தேதிக்குள் பணம் அனுப்புங்கள்” என்ற மாதிரி ஒரு வரியை அந்தந்த ஆண்டின் தேதியோடு போடுங்கள், வாட்ஸ்அப்பில் சேமித்த மூன்று மெசேஜ்களிலும் கிழமையை மாற்றுங்கள். பண்டிகை முடிந்த மறுநாளே அந்த வரியை எடுத்துவிட்டு மெசேஜ்களையும் பழையபடி ஆக்குங்கள். போஸ்டின் அடியில் கடைசியாகத் திருத்திய தேதியும் இருக்கட்டும்.